ரெஸ்யூமே தேர்வாகிவிட்டது, அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லத் தயாராவது எப்படி?

மாரத்தஹள்ளி_மதி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் நான்கு ஆண்டுகளாக ஜாவா பேக்கெண்ட் பணியில் இருக்கிறேன். வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பிய ரெஸ்யூமே ஸ்கிரீனிங்கைத் தாண்டிவிட்டது. வரும் வியாழக்கிழமை வீடியோவில் டெக்னிக்கல் ரவுண்டு நடக்கும் என்றும், அதில் தேறினால் வெளிவட்டச் சாலையிலுள்ள அலுவலகத்துக்கு நேரில் வரவேண்டும் என்றும் மின்னஞ்சல் வந்திருக்கிறது.

ரெஸ்யூமேயை இப்போது பேனலில் உட்காருபவரின் கண்ணோடு படித்துப் பார்த்தபோது மூன்று இடங்கள் உறுத்துகின்றன. முதலாவது, “போஸ்ட்கிரெஸ் குவெரிகளைச் சீரமைத்து வணிகர் அறிக்கையின் நேரத்தை 70% குறைத்தேன்” என்ற வரி. குவெரியை மாற்றி எழுதியது நான்தான். ஆனால் புரொடக்‌ஷனில் இண்டெக்ஸ் போட்டவர் எங்கள் சீனியர், 70% என்ற எண்ணும் அவர் அணிக்கு அனுப்பிய மின்னஞ்சலில் இருந்தது. இரண்டாவது, “காஃப்கா அடிப்படையிலான சேவைகளை உருவாக்கினேன்” என்பது. உண்மையில் நான் எழுதியது ஒரே ஒரு கன்ஸ்யூமர். மூன்றாவது, திறன் பட்டியலில் இருக்கும் குபெர்னடீஸ். `kubectl logs` அடித்து லாக் பார்த்ததைத் தவிர நான் அதில் வேறெதுவும் செய்ததில்லை.

எதை எவ்வளவு ஆழமாகப் படிப்பது, எதை ரெஸ்யூமேயிலிருந்து எடுத்துவிடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பனசங்கரி_வாசகன்

ரெஸ்யூமே இரண்டு பத்திகளாகப் பிரித்து வடிவமைக்கப்பட்டிருந்தால் அதை மென்பொருள் சரியாகப் படிக்காது. திறன்களை ஒரே பத்தியில் எழுதுங்கள். வேலை அறிவிப்பில் என்னென்ன சொற்கள் வருகின்றனவோ அவற்றை அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள். காஃப்கா, குபெர்னடீஸ் இரண்டையும் எடுக்கவே கூடாது, எடுத்தால் தேர்வாகாது.

ஹலசூர்_அகிலா

வாசகன், மதியின் ரெஸ்யூமே ஏற்கெனவே தேர்வாகிவிட்டது. அவர் கேட்பது அதற்கடுத்த கட்டத்தைப் பற்றி.

மதி, நான் ஆள் தேர்வுப் பணியில் இருக்கிறேன். டெக்னிக்கல் ஆள் அல்ல. ஆனாலும் பேனலில் இருப்பவர்கள் ரெஸ்யூமேயை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்க்கிறேன். அவர்களுக்கும் வேலை நெருக்கடி உண்டு. பலர் நேர்காணலுக்குச் சற்று முன்புதான் அதைத் திறக்கிறார்கள். அப்போது கண் முதலில் போய் நிற்பது எண் உள்ள வரியில். அடுத்தது, அவர்கள் அணியில் அன்றாடம் பயன்படும் கருவியின் பெயரில். அந்த வேலைக்கான அறிவிப்பை மீண்டும் எடுத்துப் படியுங்கள். அதில் காஃப்காவுக்கு ஒரு முழு வரி கொடுத்துவிட்டு, குபெர்னடீஸை “தெரிந்திருந்தால் நல்லது” என்று மட்டும் சொல்லியிருந்தால், உங்கள் நேரத்தை எங்கே செலவிடவேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கோரமங்களா_குமரன்

நான் நிறுவனம் மாறிய ஒவ்வொரு முறையும் ஒரே வழியைத்தான் பின்பற்றினேன். ரெஸ்யூமேயில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் இணையத்தில் கிடைக்கும் ஐம்பது கேள்வி-பதில்களை எடுத்து நன்றாக மனப்பாடம் செய்துகொள்வேன். இண்டெக்ஸ் என்றால் என்ன, பார்ட்டிஷன் என்றால் என்ன, பாட் என்றால் என்ன என்று யார் எப்போது கேட்டாலும் தடுமாறாமல் சொல்ல முடியவேண்டும். அதைத் தாண்டிக் கேட்டால் “அந்தப் பகுதியை வேறொரு அணி பார்த்துக்கொண்டது” என்று சொல்லிவிடலாம். பெரிய நிறுவனங்களில் உண்மையிலேயே அப்படித்தான் வேலை பிரிக்கப்படுகிறது என்பதால் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. வியாழனுக்குள் எல்லாவற்றையும் ஆழமாகப் படிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏரிக்கரை

பேக்கெண்ட் பணிகளுக்கான பேனலில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். குமரன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அடிப்படைக் கேள்விகளில் தடுமாறினால் உரையாடல் அங்கேயே நின்றுவிடும், ஆகவே அந்த ஐம்பது கேள்விகளால் பயன் உண்டு. ஆனால் நான்கு ஆண்டு அனுபவம் உள்ளவரிடம் “இண்டெக்ஸ் என்றால் என்ன” என்று தொடங்கும் பேனல் குறைவு. ரெஸ்யூமேயில் எழுதியிருக்கும் வரியை எடுத்துக்கொண்டு, “இதை நீங்கள் செய்த நாளில் என்ன நடந்தது?” என்று கேட்பார்கள். அதற்கு அடுத்தடுத்து வரும் கேள்விகள் எந்தப் பட்டியலிலும் இருக்காது, ஏனென்றால் அவை உங்கள் பதிலிலிருந்து பிறக்கின்றன. “வேறொரு அணி பார்த்துக்கொண்டது” என்பதை ஒருமுறை சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். அதே பதில் மூன்று வரிகளுக்கும் வந்தால், நான் என் குறிப்பில் அந்த மூன்று வரிகளையும் அடித்துவிட்டு மீதியை வைத்துத்தான் மதிப்பிடுவேன்.

மதியின் முதல் வரியை நானே பேனலில் இருந்தால் எப்படிப் பிடித்துக்கொண்டு போவேன் என்பதைச் சொல்கிறேன். 70% என்றால் எத்தனை விநாடியிலிருந்து எத்தனை விநாடிக்கு வந்தது என்று முதலில் கேட்பேன். எங்கே அளந்தீர்கள் என்பது அடுத்த கேள்வி: டேட்டாபேஸிலா, சேவையின் லாகிலா, பயனரின் பிரௌசரிலா? குவெரி மெதுவாக ஓடியதற்கு என்ன காரணம், அதை எதைப் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள்? செய்த மாற்றத்துக்குப் பதிலாக வேறு என்ன செய்திருக்கலாம், அதை ஏன் செய்யவில்லை? கடைசியாக, அந்த மாற்றத்துக்கு எங்கே விலை கொடுத்தீர்கள்? இப்படி நான்கைந்து படிகள் இறங்குவதற்குள், செய்தவர் யார், பக்கத்திலிருந்து பார்த்தவர் யார் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

இதற்குத் தயாராவதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, அந்த வேலையை உங்கள் சொந்தக் கணினியில் சிறிய அளவில் திரும்பச் செய்து பார்ப்பதுதான். பழைய நிறுவனத்தின் டேபிளோ, தரவோ, கோடோ அதற்குத் தேவையில்லை, எடுக்கவும் கூடாது. அதே வடிவத்தில் ஒரு பொம்மை டேபிள் போதும்.

```sql
CREATE TABLE orders AS
SELECT g AS id,
       (random()*2000)::int AS merchant_id,
       timestamptz '2024-01-01'
         + random() * interval '365 days' AS created_at,
       (random()*5000)::int AS amount
FROM generate_series(1, 4000000) g;
ANALYZE orders;
```

நாற்பது லட்சம் வரிகள் கொண்ட டேபிள் கிடைக்கும். இதன்மேல் உங்கள் பழைய குவெரியை ஒத்த ஒன்றை `EXPLAIN (ANALYZE, BUFFERS)` சேர்த்து ஓட்டிப் பார்த்துவிட்டு, திரையில் தெரிவதை இங்கே எழுதுங்கள். அதன்பிறகு பேசலாம்.

மாரத்தஹள்ளி_மதி

மிக்க நன்றி, ஏரிக்கரை அண்ணா. நேற்றிரவே ஓட்டிப் பார்த்தேன். எங்கள் பழைய குவெரி ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது:

```sql
SELECT sum(amount) FROM orders
WHERE merchant_id = 42
  AND date(created_at)
      BETWEEN '2024-06-01' AND '2024-06-30';
```

இண்டெக்ஸ் எதுவும் இல்லாத நிலையில் `Parallel Seq Scan` என்று வந்தது; கால் விநாடி அளவில் முடிந்தது. பிறகு `(merchant_id, created_at)` மீது ஓர் இண்டெக்ஸ் போட்டு, `date()` என்பதை நீக்கி, `created_at >= '2024-06-01' AND created_at < '2024-07-01'` என்று எழுதினேன். இப்போது `Bitmap Heap Scan` வந்தது. ஒரு மில்லிவிநாடிகூட ஆகவில்லை.

இரண்டு இடங்களில் எனக்குத் தெளிவில்லை. முதல் பிளானில் `Rows Removed by Filter` என்ற இடத்தில் பதின்மூன்று லட்சம் சொச்சம்தான் இருக்கிறது. டேபிளில் நாற்பது லட்சம் வரிகள் இருக்கும்போது மீதி எங்கே போயின? இரண்டாவது, இண்டெக்ஸ் இருந்தும் ஏன் நேரடியாக `Index Scan` வரவில்லை?

ஏரிக்கரை

இந்த இரண்டு கேள்விகளும் எழுந்ததே நல்ல அறிகுறி. பேனலில் இவற்றை எதிர்கொள்ளும் முன்பே எதிர்கொண்டுவிட்டீர்கள்.

பிளானில் `Parallel Seq Scan` வரியில் `loops=3` என்று இருக்கும், பாருங்கள். இயல்பான அமைப்பில் ஒரு குவெரிக்கு இரண்டு துணை வொர்க்கர்கள் வரை கிடைக்கும்; முதன்மைப் புரோசஸும் சேர்ந்து மூன்று பேர் டேபிளைப் பங்கிட்டுப் படித்திருக்கிறார்கள். பிளானில் காட்டப்படும் எண் ஒரு சுற்றுக்கான சராசரி. அதை மூன்றால் பெருக்கினால் உங்கள் நாற்பது லட்சம் கிடைத்துவிடும். பிளான் படித்துப் பழகியவரா என்று அறிய நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

ஜூன் மாதத்தில் அந்த வணிகருக்குரிய நூற்றறுபது சொச்சம் வரிகள் டேபிள் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓடிப்போய் எடுப்பதைவிட, எந்தெந்தப் பக்கங்களைப் படிக்கவேண்டும் என்பதை இண்டெக்ஸிலிருந்து முதலில் திரட்டிக்கொண்டு, பிறகு பக்க வரிசைப்படி படிப்பது மலிவு என்று பிளானர் கணக்கிட்டிருக்கிறது. அதைத்தான் `Bitmap Heap Scan` என்று காட்டுகிறது. வரிகள் இன்னும் குறைவாக இருந்தாலோ, தேதி வரிசையில் சேர்ந்தே கிடந்தாலோ முடிவு மாறலாம். நீங்களே மாற்றிப் பாருங்கள்.

அடுத்து இண்டெக்ஸின் வரிசை. `merchant_id` ஏன் முதலில், `created_at` ஏன் இரண்டாவது? வணிகருக்கு ஒரே மதிப்பு கேட்கிறோம், தேதிக்கு ஒரு வரம்பு கேட்கிறோம். வணிகர் முன்னால் இருந்தால் அவருடைய ஜூன் மாதப் பதிவுகள் இண்டெக்ஸில் அடுத்தடுத்து இருக்கும். திருப்பிப் போட்டால், ஜூன் மாதத்தின் எல்லா வணிகர்களுடைய பதிவுகளையும், அதாவது உங்கள் டேபிளில் ஏறத்தாழ 3.3 லட்சம் பதிவுகளை, இண்டெக்ஸில் கடந்துபோய் அவற்றிலிருந்து இவரைப் பொறுக்கவேண்டியிருக்கும். வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், திருப்பிப் போட்ட இண்டெக்ஸையும் உருவாக்கி, முதல் இண்டெக்ஸை நீக்கிவிட்டு, `BUFFERS` காட்டும் பக்க எண்ணிக்கை எவ்வளவு உயர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சொந்தக் கண்ணால் பார்த்த எண்ணைச் சொல்பவரின் பேச்சில் தயக்கம் இருக்காது.

இப்போது உங்களுக்கு ஒரு கடினமான கேள்வி. பொம்மை டேபிளில் கால் விநாடி ஒரு மில்லிவிநாடிக்கும் கீழே இறங்கிவிட்டது. அது 99 விழுக்காட்டுக்கும் மேலான குறைவு. ரெஸ்யூமேயிலோ 70% என்று இருக்கிறது. முழு டேபிளைப் படிப்பது நின்ற பிறகும் 30% நேரம் எங்கே மிச்சமிருந்தது?

கோரமங்களா_குமரன்

அண்ணா, இடையில் ஒன்று. குவெரியை மாற்றவே வேண்டாமே. `date(created_at)` மீதே ஓர் இண்டெக்ஸ் போட்டிருந்தால் பழைய குவெரியே வேகமாக ஓடியிருக்கும். ஒரு எக்ஸ்பிரஷன் இண்டெக்ஸ் போதும் என்று மதி சொல்லலாமே?

ஏரிக்கரை

குமரன், யோசனை சரியானது. பேனலில் இருந்தால் “வேறு என்ன செய்திருக்கலாம்” என்பதற்கு நானும் இதையே எதிர்பார்ப்பேன். ஆனால் இந்த டேபிளில் அதைச் செய்து பாருங்கள். போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும்:

```
ERROR:  functions in index expression must be marked IMMUTABLE
```

`created_at` இங்கே `timestamptz` வகை. அதைத் தேதியாக மாற்றும்போது எந்த நாள் என்பது அந்த செஷனின் டைம்ஸோனைப் பொறுத்து மாறும். பெங்களூரில் ஜூன் 1 விடிகாலையாக இருக்கும் நேரம் UTC கணக்கில் மே 31. விடை மாறக்கூடிய ஒன்றை இண்டெக்ஸில் பதிந்துவைக்க முடியாது. டைம்ஸோன் இல்லாத `timestamp` வகையாக இருந்தால் நீங்கள் சொன்னது வேலை செய்யும். டைம்ஸோனை வெளிப்படையாகக் குறிப்பிட்டு, `((created_at AT TIME ZONE 'Asia/Kolkata')::date)` என்று எழுதினாலும் இண்டெக்ஸ் உருவாகும். ஆனால் அப்போது குவெரியிலும் அதையே எழுதவேண்டியிருக்கும் என்பதால், குவெரியை மாற்றாமல் தப்பும் நோக்கம் நிறைவேறாது.

இதிலிருந்து மதிக்கும் ஒரு கேள்வி வருகிறது. உங்கள் புதிய குவெரியில் `'2024-06-01'` என்று மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். அது எந்த ஊர் நள்ளிரவு?

மாரத்தஹள்ளி_மதி

அது செஷனின் டைம்ஸோன்படி எடுத்துக்கொள்ளப்படும் என்று இப்போதுதான் சோதித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் பணியில் ஜாவா பக்கத்திலிருந்து இந்திய நேரத்தின் நள்ளிரவைக் கணக்கிட்டு, ஆஃப்செட்டுடன் சேர்த்தே அனுப்பினோம் என்பது நினைவுக்கு வருகிறது. மாத முதல் நாளின் விடிகாலை ஆர்டர்கள் முந்தைய மாத அறிக்கையில் போய்விடுகின்றன என்று ஒரு வணிகர் புகார் கொடுத்த பிறகுதான் அந்த மாற்றமே வந்தது.

அந்த 30% பற்றி நாள் முழுக்க யோசித்தேன். சீனியரின் மின்னஞ்சலில் இருந்தது 6 விநாடியிலிருந்து 1.8 விநாடி என்பது. அது டேபிளில் அளந்தது அல்ல. வணிகர் பொத்தானை அழுத்தியதிலிருந்து கோப்பு கைக்கு வரும் வரையிலான நேரம். குவெரி முடிந்த பிறகு வரிகளை எக்செல் கோப்பாக எழுதும் வேலை ஜாவாவில் நடந்தது. அதை நாங்கள் தொடவே இல்லை. மிச்சமிருந்த நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் போயிருக்கவேண்டும்.

ஏரிக்கரை

இந்தப் பதிலை அப்படியே பேனலில் சொல்லுங்கள். “மொத்த நேரம் 6 விநாடியிலிருந்து 1.8 ஆனது, டேட்டாபேஸின் பங்கு ஏறக்குறைய காணாமல் போனது, மிச்சம் எக்செல் எழுதும் வேலை, அதை நாங்கள் தொடவில்லை.” இதைச் சொல்பவரிடம் நான் அடுத்துக் கேட்பது எக்செல் பகுதியை எப்படிக் குறைப்பீர்கள் என்பதாகத்தான் இருக்கும். அங்கே உங்களுக்கு விடை தெரியாவிட்டாலும் உரையாடல் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கும்.

சீனியர் போட்ட இண்டெக்ஸைப் பற்றியும் ஒன்று. போட்டவர் அவர்தான் என்பதை மறைக்கவேண்டாம். ஆனால் அவர் அதை எப்படிப் போட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். சாதாரண `CREATE INDEX` முடியும் வரை அந்த டேபிளைப் படிக்கலாம், எழுத முடியாது. ஆர்டர்கள் வந்துகொண்டிருக்கும் டேபிளில் அது விபரீதம். `CREATE INDEX CONCURRENTLY` எழுதுவதைத் தடுக்காது, ஆனால் அதிக நேரம் எடுக்கும், டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓடாது, பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்றை விட்டுவிட்டுப் போகும். அதைக் கையால் நீக்கவேண்டும். உங்கள் சீனியரையே தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுங்கள். பழகிய மனிதர்தானே, பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

டெஸ்டர்_தேவி

என் அனுபவத்தையும் இங்கே சேர்க்கிறேன். துறை கொஞ்சம் வேறு என்றாலும் பிடிக்கப்பட்ட விதம் இதேதான். என் ரெஸ்யூமேயில் “ஜேமீட்டர் கொண்டு 500 பயனர் சுமைச் சோதனை” என்று ஒரு வரி இருந்தது. ஒயிட்ஃபீல்டில் நடந்த நேர்காணலில் எதிரே இருந்தவர் எடுத்த எடுப்பிலேயே, “500 பயனர் என்றால் சர்வருக்கு விநாடிக்கு எத்தனை கோரிக்கை போனது?” என்று கேட்டார். நான் பழைய ரிப்போர்ட்டின் விவரங்களை நினைவுபடுத்திக்கொண்டு போயிருந்ததால் சொல்ல முடிந்தது. ஒவ்வொரு பயனரும் ஒரு கோரிக்கைக்குப் பிறகு 5 விநாடி காத்திருந்தார், பதில் வர 1 விநாடி ஆனது, ஆகவே ஒரு சுற்றுக்கு 6 விநாடி, 500ஐ 6ஆல் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 83. அவர் விடவில்லை. “சர்வர் மெதுவாகி, பதில் வர 5 விநாடி ஆனால்?” என்று கேட்டார். சுற்று 10 விநாடி ஆகிவிடும், கோரிக்கை விநாடிக்கு 50 ஆகக் குறைந்துவிடும்; அதாவது சர்வர் திணறும்போது என் சோதனையே அதன்மேல் சுமையைக் குறைத்துவிடுகிறது. அதைச் சொன்ன பிறகுதான் அவர் அடுத்த வரிக்குப் போனார்.

எண்ணை எழுதியவர்கள் அந்த எண் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பதைத் தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடவேண்டும் என்பது என் கருத்து.

மாரத்தஹள்ளி_மதி

தேவி அக்கா, நன்றி. இப்போது காஃப்கா. நான் எழுதிய கன்ஸ்யூமர், ஆர்டர் நிகழ்வை வாங்கி, வெளியிலுள்ள ஒரு சேவையை அழைத்து, வணிகருக்கு குறுஞ்செய்தி அனுப்பும். ஸ்பிரிங்கின் `@KafkaListener` பயன்படுத்தினேன். பார்ட்டிஷன், ரெப்ளிகேஷன் எதையும் நான் அமைக்கவில்லை. குமரன் சொன்ன பட்டியலில் புரோக்கர் உள்ளமைப்பு பற்றியே இருபது கேள்விகள் இருக்கின்றன. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

ஏரிக்கரை

புரோக்கர் உள்ளமைப்பை விட்டுவிடுங்கள். உங்கள் உரிமைகோரல் கன்ஸ்யூமர் அளவில் இருந்தால் போதும். ஆனால் அந்த அளவில் முழுமையாக இருக்கவேண்டும். உங்கள் சொந்தக் கோடிலேயே ஒரு விபத்து ஒளிந்திருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கன்ஸ்யூமர் ஒருமுறை கேட்கும்போது இயல்பான அமைப்பில் 500 செய்திகள் வரை கிடைக்கும்; அது `max.poll.records`. அடுத்தமுறை கேட்பதற்குள் 5 நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. அது `max.poll.interval.ms`, 300000 என்று இருக்கும். உங்கள் வெளிச்சேவை ஒருநாள் மெதுவாகி, ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் 1 விநாடி எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? 500 செய்திகளுக்கு 500 விநாடி. 300 விநாடி தாண்டியதும் உங்கள் கன்ஸ்யூமர் குழுவிலிருந்து விலக்கப்பட்டு, அதன் பார்ட்டிஷன்கள் இன்னொருவருக்குப் போகும். ஸ்பிரிங் இயல்பாக முழு பேட்ச் முடிந்த பிறகுதான் ஆஃப்செட்டைப் பதிகிறது என்பதால், ஏற்கெனவே அனுப்பிய முன்னூறு பேருக்கும் மீண்டும் குறுஞ்செய்தி போகும். புதிதாக எடுத்துக்கொண்டவரும் அதே இடத்தில் மாட்டிக்கொள்வார். வெளியிலிருந்து பார்த்தால் வேலை நடந்துகொண்டே இருப்பதுபோலத் தெரியும். ஆனால் லேக் குறையாது, வணிகர்களிடமிருந்து “ஒரே செய்தி மூன்று முறை வந்தது” என்று புகார் வரும்.

`max.poll.records` அளவைக் குறைப்பது உடனடித் தீர்வு. ஒரே செய்தி இருமுறை வந்தாலும் ஒருமுறைதான் அனுப்பவேண்டும் என்பதற்கு ஆர்டர் எண்ணை எங்காவது பதிந்து வைத்துச் சரிபார்க்கவேண்டும். ஆனால் பதிவது முதலில் நடக்கவேண்டுமா, அனுப்புவது முதலிலா? முதலில் பதிந்துவிட்டு அனுப்பும் முன் செயலி விழுந்தால் செய்தி போகாமலே போய்விடும். அனுப்பிவிட்டுப் பதியும் முன் விழுந்தால் இரண்டாம் முறை போகும். குறுஞ்செய்திக்கு எது பரவாயில்லை, பணம் பிடித்தலுக்கு எது பரவாயில்லை என்று நீங்கள் சொல்லும் காரணத்தைத்தான் பேனல் கேட்க விரும்பும். டாக்கரில் ஒரே புரோக்கரை ஓட்டி, லிஸ்னருக்குள் ஒரு விநாடி `Thread.sleep` போட்டு, இதை நடக்கவிட்டுப் பாருங்கள். லாகில் ரீபேலன்ஸ் வருவதைப் பார்த்தவருக்குப் புத்தகம் தேவைப்படாது.

கோரமங்களா_குமரன்

இதை ஒப்புக்கொள்கிறேன், என் பட்டியலில் இது இல்லை. ஆனால் வியாழனுக்குள் போஸ்ட்கிரெஸையும் காஃப்காவையும் இந்த ஆழத்துக்குப் படித்தால் ரெடிஸுக்கும் குபெர்னடீஸுக்கும் நேரம் எங்கே இருக்கிறது? அதற்காகத்தான் பட்டியலைச் சொன்னேன்.

ஏரிக்கரை

அது நியாயமான கேள்வி. குபெர்னடீஸை எடுத்துவிடவேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. `kubectl logs` அடித்தது திறன் பட்டியலில் வரும் தகுதி அல்ல.

ஹலசூர்_அகிலா

இங்கே ஏரிக்கரையுடன் நான் வேறுபடுகிறேன். ரெஸ்யூமே ஏற்கெனவே எங்களைப் போன்றவர்களின் கையில் இருக்கிறது. பேனல் திறப்பது பெரும்பாலும் முதலில் பதிவேற்றிய பிரதியைத்தான். தேதி குறித்த பிறகு திருத்திய பிரதி வந்தால், “ஏன் இதை எடுத்தார்?” என்ற கேள்வி எழும். எழுத்தில் திருத்துவதைவிட, கேட்கும்போது “லாக் பார்க்கவும், பாட் மறுதொடக்கமாகிறதா என்று பார்க்கவும் பயன்படுத்தியிருக்கிறேன், டிப்ளாய்மென்ட் எழுதியதில்லை” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நல்லது.

ஏரிக்கரை

கேட்டால் சொல்லலாம். கேட்காமலேயே, அந்த ஒரு சொல்லை நம்பி ஆளை எடுத்துக்கொண்டு, முதல் வாரமே டிப்ளாய்மென்ட் வேலையைக் கொடுத்தால்? திருத்திய பிரதியை அனுப்பியவரை நான் ஒருமுறைகூடக் குறைவாக மதிப்பிட்டதில்லை.

ஹலசூர்_அகிலா

நீங்கள் அப்படி மதிப்பிடுவீர்கள். எல்லா பேனலும் உங்களைப்போல் இருப்பதில்லை என்பதைத்தான் அன்றாடம் பார்க்கிறேன்.

மாரத்தஹள்ளி_மதி

இருவர் சொல்வதையும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பிரதியை மாற்றி அனுப்பவில்லை. ஆனால் அறிமுகம் செய்துகொள்ளச் சொல்லும்போதே என் வேலையின் எல்லையையும் சேர்த்துச் சொல்லிவிடப் போகிறேன். சீனியரிடமும் பேசிவிட்டேன். இண்டெக்ஸை `CONCURRENTLY` கொண்டுதான் போட்டாராம். முதல்முறை, பகுப்பாய்வுக் குழுவின் ஒரு நீண்ட டிரான்ஸாக்‌ஷன் முடிவதற்காக அது காத்துக்கொண்டே இருந்ததால், நிறுத்திவிட்டு, செல்லாத இண்டெக்ஸை நீக்கி, இரவில் மீண்டும் ஓட்டியிருக்கிறார். இது எனக்கு அன்று தெரியாது.

அடுத்தமுறை விண்ணப்பிப்பதற்காக வரிகளை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்: “வணிகர் அறிக்கையின் குவெரியைத் தேதி வரம்பு கொண்டதாக மாற்றி எழுதினேன், அணி சேர்த்த இண்டெக்ஸுடன் மொத்த நேரம் 6 விநாடியிலிருந்து 1.8 விநாடியானது.” “ஆர்டர் நிகழ்வுகளைப் பெற்றுக் குறுஞ்செய்தி அனுப்பும் காஃப்கா கன்ஸ்யூமரை எழுதினேன்.”

பனசங்கரி_வாசகன்

70% என்ற எண்ணை எடுத்துவிட்டீர்களே, அது இருந்தால்தானே கண்ணில் படும்?

டெஸ்டர்_தேவி

6, 1.8 என்று இரண்டு எண்கள் இருக்கின்றனவே, வாசகன். விழுக்காட்டைவிட அவையே கண்ணில் படும். எங்கே அளந்தீர்கள் என்ற கேள்விக்கும் விடை பாதி அதிலேயே இருக்கிறது. மதி, “மொத்த நேரம்” என்பதை மட்டும் “கோப்பு கைக்கு வரும் நேரம்” என்று மாற்றிவிடுங்கள்.

ஏரிக்கரை

தேவி சொன்ன திருத்தத்தை நானும் ஏற்கிறேன். “அணி சேர்த்த இண்டெக்ஸ்” என்பதை அப்படியே விட்டுவிடுங்கள், நான் பேனலில் இருந்தால் அதைப் பார்த்து, “நீங்களே போட்டிருந்தால் எந்த நேரத்தில், எப்படிப் போட்டிருப்பீர்கள்?” என்றுதான் கேட்பேன். சீனியர் சொன்ன அந்த நீண்ட டிரான்ஸாக்‌ஷன் கதை இப்போது உங்களிடம் இருக்கிறது. இன்று மாலைக்குள் இரண்டு `psql` திரைகளைத் திறந்து, ஒன்றில் `BEGIN` போட்டு `orders` டேபிளில் ஒரு வரியை மாற்றிவிட்டு முடிக்காமல் வையுங்கள். மற்றதில் `CREATE INDEX CONCURRENTLY` ஓட்டினால் அது அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம். நிற்கும்போது `pg_stat_activity` என்ன காட்டுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.